தொடுதிரை வரைபடத்தில் தென்காசி எங்கே இருக்கிறது? – u = e^x சொல்லும் கதை



பிளஸ் டூ கணக்கில் தொகையீடு நடத்தும்போது ஒரு வகைக் கணக்கு தவறாமல் வரும். 1/(1 + e^x), 1/(e^x + e^(-x)) என்று மேலும் கீழும் e^x மட்டுமே வரும் விகிதமுறு கோவை. "u = e^x என்று பிரதியிடு" என்று கரும்பலகையில் எழுதுவேன். நான்கு வரியில் விடை வந்துவிடும். பிறகு பின்வரிசையிலிருந்து யாராவது கேட்பீர்கள்: "சார், இது எதுக்கு சார்?"

தேர்வு நெருங்கும் நாளில் அதற்கு முழுப் பதில் சொல்ல நேரம் இருந்ததில்லை. பதில் நானூறு வருடக் கதை. அதில் கப்பல்கள் வருகின்றன, ஒரு பந்தயம் வருகிறது, கடைசியில் உங்கள் கையில் இருக்கும் போனும் வருகிறது. இப்போது எனக்கும் நேரம் இருக்கிறது, உங்களுக்கும் பரீட்சை இல்லை. நிதானமாகப் பார்ப்போம்.

சாரல் சமயத்தில் குற்றாலம் வருகிற வெளியூர்க்காரர்கள் தென்காசியில் வண்டியை நிறுத்தி, போனில் வரைபடத்தைத் திறந்து ஐந்தருவியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்ட இடத்தின் அட்சரேகை எவ்வளவு என்று போன் உடனே சொல்லிவிடும். கண்ணாடித் திரைக்கு அட்சரேகை எப்படித் தெரியும்? திரையில் கீழிருந்து மேலே எவ்வளவு உயரம் என்பதுதான் அதற்குத் தெரியும். உயரத்தை அட்சரேகையாக மாற்றும் வேலையைத்தான் நம்முடைய u = e^x செய்கிறது.

முதலில் உயரமும் அட்சரேகையும் ஏன் ஒன்றாக இல்லை என்று பார்ப்போம்.

1569-இல் கெரார்டஸ் மெர்கேட்டர் என்பவர் கடலோடிகளுக்காக ஓர் உலக வரைபடம் வெளியிட்டார். திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பல் போனால், அந்தப் பாதை வரைபடத்தில் நேர்கோடாக இருக்க வேண்டும். மாலுமி அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டு, கோணத்தை அளந்தால் போதும். இதுதான் அவருடைய நோக்கம்.

அதற்கு ஒரு விலை உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே போகப் போக, பூமியைச் சுற்றும் அட்சரேகை வட்டங்கள் சிறுத்துக்கொண்டே போகும். அட்சரேகை φ என்றால் வட்டம் cos φ மடங்காகச் சுருங்கும். ஆனால் வரைபடத்தில் எல்லா வட்டங்களும் ஒரே நீளக் கோடுகளாக வரையப்படுகின்றன. அதாவது கிழக்கு மேற்காக sec φ மடங்கு இழுக்கிறோம். தென்காசியின் அட்சரேகை ஏறத்தாழ 8.96 பாகை; அங்கே sec φ = 1.012. நூறு கிலோமீட்டர் அகலம் 101.2 கிலோமீட்டர் போலத் தெரியும். 60 பாகையில் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

கிழக்கு மேற்காக மட்டும் இழுத்தால் கோணங்கள் கெட்டுப்போகும். கோணம் கெடாமலிருக்க வடக்கு தெற்காகவும் அதே அளவு இழுக்க வேண்டும். ஆனால் இழுப்பின் அளவு ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு. வரைபடத்தில் உயரத்தை y என்று வைத்துக்கொண்டால்,

dy = sec φ dφ

தென்காசியின் உயரம் வேண்டுமென்றால், பூஜ்யத்திலிருந்து 8.96 பாகை வரை sec φ-யைத் தொகையிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், மெர்கேட்டர் காலத்தில் தொகை நுண்கணிதமே கிடையாது.

எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் அதைப் பொறுமையால் சாதித்தார். 1599-இல் வந்த தமது நூலில், ஒவ்வொரு கலைக்கும் (ஒரு பாகைக்கு 60 கலை) உரிய சீகண்ட் மதிப்பை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப் பட்டியல் போடும் வழியைக் கொடுத்தார். நாம் இன்று "தொகையீடு என்பது சிறுசிறு துண்டுகளின் கூடுதல்" என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதையேதான் அவர் கையால் செய்தார். தென்காசிக்குப் போக வேண்டுமென்றால் 537 கூட்டல்கள். லண்டனுக்குப் போக மூவாயிரத்துக்கும் மேல்.

இதற்கிடையில் 1614-இல் நேப்பியர் மடக்கையைக் கொண்டுவந்தார். 1620-இல் குன்ட்டர் டேன்ஜெண்ட் மதிப்புகளுக்கான மடக்கைப் பட்டியலை அச்சிட்டார். இந்தப் பட்டியலுக்கும் ரைட்டின் பட்டியலுக்கும் எந்த உறவும் இல்லை. வேறு வேறு வேலைக்காகப் போட்டவை.

1645 வாக்கில் ஹென்றி பாண்ட் என்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாலுமிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர். ரைட்டின் எண்கள் எல்லாம் tan(45° + φ/2) என்பதன் மடக்கைக்கு ஒரே விகிதத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

நாமும் இரண்டு வரிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தென்காசியின் 8.96 பாகைக்கு ரைட் முறையில் கூட்டுத்தொகை 539.8 கலை. tan(49.48°) = 1.1700, அதன் பத்தடிமான மடக்கை 0.06819. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சுமார் 7916. இப்போது 60 பாகையை எடுங்கள். கூட்டுத்தொகை 4527.4. tan(75°) = 3.7321, அதன் மடக்கை 0.57195. வகுத்தால் மறுபடியும் சுமார் 7916. எந்த அட்சரேகையை எடுத்தாலும் அதே எண்தான் வரும்.

ஆயிரக்கணக்கான கூட்டலுக்குப் பதில் மடக்கைப் பட்டியலில் ஒரே ஒரு வரி பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பாண்டிடம் நிரூபணம் இல்லை. பட்டியலில் இருக்கும் நான்கைந்து இலக்கம் வரை ஒத்துப்போவது உண்மையான சமன்பாடா, இல்லை ஏறத்தாழச் சரியாக வருகிற தற்செயலா? தற்செயல் என்றால் பட்டியலில் சோதித்துப் பார்க்காத ஏதோ ஓர் இடத்தில் அது விலகிப் போகலாம். அந்த விலகல் ஒரு கப்பலைப் பாறையில் கொண்டுபோய் விடலாம்.

நிக்கோலஸ் மெர்கேட்டர் என்று இன்னொரு கணித அறிஞர் இருந்தார். வரைபட மெர்கேட்டர் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. 1666-இல் ராயல் சொசைட்டியின் இதழில் இந்தக் கேள்வியை வைத்து, பந்தயம் கட்டவும் தயார் என்று எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, 1668-இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரிகரி நிரூபணம் வெளியிட்டார். படிக்கப் பாடுபட வேண்டிய வடிவியல் நிரூபணம். 1670-இல் நியூட்டனுக்கு முன்னால் கேம்பிரிட்ஜ் பேராசிரியராக இருந்த ஐசக் பாரோ இன்னொன்று கொடுத்தார். அவருடைய வழியை நம் குறியீட்டில் எழுதினால்,

sec φ dφ = cos φ dφ / (1 − sin² φ)

sin φ-யை ஒரு மாறியாக எடுத்துக்கொண்டு, வருகிற கோவையைப் பகுதிப் பின்னங்களாகப் பிரிப்பது. பகுதிப் பின்னத்தை வைத்துத் தொகை கண்ட மிகப் பழைய உதாரணங்களில் இது ஒன்று. நீங்கள் சலித்துக்கொண்டு செய்த அதே பகுதிப் பின்னம்தான்.

ஆக, அட்சரேகை தெரிந்தால் உயரம் காண வழி கிடைத்துவிட்டது:

y = ln(sec φ + tan φ) = ln tan(45° + φ/2)

போனுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான கணக்கு. விரல் பட்ட உயரம் y தெரியும், φ வேண்டும். இங்கேதான் நம் பாடம் வருகிறது.

மேலே உள்ள சமன்பாட்டின்படி e^y = sec φ + tan φ. இதன் தலைகீழ் e^(-y) = sec φ − tan φ; இரண்டையும் பெருக்கினால் sec² φ − tan² φ = 1 என்று வருவதால் இது சரி. இரண்டையும் கூட்டினால் tan φ அடிபட்டுப் போகும்; e^y + e^(-y) = 2 sec φ. அதாவது cos φ = 2/(e^y + e^(-y)). dφ = cos φ dy என்பதால்,

dφ = 2 dy / (e^y + e^(-y))

வலப்பக்கத்தைப் பாருங்கள். φ எங்கும் இல்லை. e^y மட்டுமே வரும் விகிதமுறு கோவை. u = e^y என்று வையுங்கள். du = e^y dy = u dy; ஆகவே dy = du/u. கீழே உள்ளது u + 1/u.

dφ = 2 / (u + 1/u) × du/u = 2 du / (u² + 1)

அடுக்குக்குறி போய்விட்டது. மீதி இருப்பது u-வில் ஒரு சாதாரணப் பின்னம். அதன் தொகை 2 tan⁻¹ u. பூமத்திய ரேகையில் y = 0, φ = 0. ஆனால் y = 0 என்றால் u = 1; அங்கே 2 tan⁻¹ 1 = π/2. அதைக் கழித்துவிட்டால்,

φ = 2 tan⁻¹(e^y) − π/2

இதுதான் இணைய வரைபடங்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுகிற சூத்திரம். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
from math import atan, exp, pi, degrees
y = 0.1570228
print(degrees(2*atan(exp(y)) - pi/2))
```

8.96 வரும். அதுதான் தென்காசி.

சரி, இந்தத் தொகையீட்டை விட்டுவிட்டு, உயரத்தையே அட்சரேகை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 0.1570228 ரேடியனைப் பாகையாக மாற்றினால் 8.9967. வித்தியாசம் 0.0367 பாகை. கேட்கச் சின்ன எண். தரையில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். தென்காசியை அப்படியே தூக்கி வடக்கே கடையநல்லூர் திசையில் நான்கு கிலோமீட்டர் தள்ளி வைத்த மாதிரி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள தூரமே ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நான்கோடு தப்பித்தோம். லண்டனில் இதே தவறைச் செய்தால் 51.5 பாகைக்குப் பதில் 60 பாகைக்கும் மேலே காட்டும்.

இந்தக் கணக்கில் மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் இரண்டு. இரண்டையும் கண்டுபிடிக்க வரைபடமே உதவும்.

முதலாவது, e^y-யை u என்று மாற்றிவிட்டு, dy-யை அப்படியே du என்று எழுதிவிடுவது. அப்போது 2u du/(u² + 1) வரும்; தொகை ln(u² + 1). இது தவறு என்று எப்படித் தெரியும்? வரைபடத்தில் மேலே போய்க்கொண்டே இருங்கள். y எவ்வளவு பெரிதானாலும் அட்சரேகை வடதுருவத்தின் 90 பாகையைத் தாண்டக் கூடாது. ln(u² + 1) எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சரியான விடையில் u முடிவிலியை நெருங்கும்போது 2 tan⁻¹ u என்பது π-ஐ நெருங்கும்; π/2-ஐக் கழித்தால் சரியாக 90 பாகை.

இரண்டாவது, எல்லைகளை மாற்ற மறப்பது. y பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதற்காக u-வையும் பூஜ்யத்தில் தொடங்குவது. y = 0 என்றால் u = 1 அல்லவா? பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் வடதுருவம் பூமத்திய ரேகையிலிருந்து 180 பாகை தள்ளிப் போய்விடும்! u பூஜ்யத்தை நெருங்குவது y எதிர்த்திசையில் முடிவிலிக்குப் போகும்போதுதான், அது தென்துருவம். தெற்கு அரைக்கோளம் முழுவதும் u-வின் 0-வுக்கும் 1-க்கும் நடுவில் அடங்கிக் கிடக்கிறது. வடக்கு அரைக்கோளம் 1-இலிருந்து முடிவிலி வரை. u ஒருபோதும் குறை எண் ஆகாது.

துருவம் முடிவிலியில் இருப்பதால் வரைபடத்தை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். இணைய வரைபடம் செய்தவர்கள் முழு உலகமும் ஒரு சதுரத்தில் அடங்கும்படி y = π என்ற இடத்தில் வெட்டினார்கள். e^π = 23.14, அதன் tan⁻¹ 87.5256 பாகை, இரட்டித்து 90-ஐக் கழித்தால் 85.0511 பாகை. வரைபட நிரல்களில் இந்த 85.0511 என்ற விசித்திர எண்ணைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அது யாரும் மனம்போனபடி வைத்த எண் இல்லை, நம் சூத்திரத்தின் விடை.

φ-க்கும் y-க்கும் உள்ள இந்த உறவுக்குப் பின்னாளில் ஒரு பெயரும் கிடைத்தது. கிறிஸ்டோஃப் குடெர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1830 வாக்கில் இதை விரிவாக ஆராய்ந்தார். 1862-இல் ஆர்தர் கேலி அவர் பெயரையே இதற்கு வைத்தார்: குடெர்மானியன் சார்பு. குடெர்மானை உலகம் நினைவில் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாபெரும் கணித மேதை வயர்ஸ்ட்ராஸ் அவரிடம் படித்தவர். ஆசிரியர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

கடைசியாக, இந்த முறை எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோவையில் e^y மட்டும் இருக்கும்வரை u = e^y கைவிடாது; விகிதமுறு கோவை விகிதமுறு கோவையாகவே மாறும், பகுதிப் பின்னம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மேலே தனியாக ஒரு y வந்து உட்கார்ந்துவிட்டால்?

∫ 2y dy / (e^y + e^(-y)), 0 முதல் ∞ வரை

அதே பிரதியீட்டைச் செய்தால் y என்பது ln u ஆகிவிடும்: 2 ln u du/(u² + 1). இது விகிதமுறு கோவை இல்லை. பகுதிப் பின்னம் இங்கே செல்லாது. பகுதி பகுதியாகத் தொகையிட்டுப் பார்த்தால், கணக்கு tan⁻¹ t / t என்பதன் தொகையில் போய் நிற்கும். மடக்கை, டேன்ஜெண்ட் என்று நமக்குத் தெரிந்த எந்தச் சார்பாலும் அந்தத் தொகையை எழுத முடியாது.

நம் ராமானுஜன் 1915-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை ஒன்றின் பொருளே இந்த tan⁻¹ t / t-யின் தொகைதான். மூடிய கதவு என்று நாம் திரும்பிவிடும் இடத்தில் அவர் நின்று, அந்தத் தொகையையே ஒரு புதிய சார்பாக எடுத்துக்கொண்டு அதன் பண்புகளைத் தேடினார். 0-இலிருந்து 1 வரை அதன் மதிப்பு

1 − 1/9 + 1/25 − 1/49 + … = 0.91596…

இதைக் கேட்டலான் மாறிலி என்பார்கள். மேலே எழுதிய தொகையின் விடை இதைப் போல இரண்டு மடங்கு. இது விகிதமுறு எண்ணா இல்லையா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. மேலே ஒரு y வந்ததற்கே இந்தப் பாடு!

இப்போது வீட்டுப்பாடம். நீங்கள் சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ எங்கே இருந்தாலும், உங்கள் ஊரின் அட்சரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். ln tan(45° + φ/2) என்று y காணுங்கள். அதைப் பாகையாக மாற்றி, அட்சரேகையைக் கழித்து, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள். தொகையீடு தெரியாத போன் உங்கள் வீட்டை எத்தனை கிலோமீட்டர் தள்ளிக் காட்டும் என்று தெரியும். சென்னைக்காரர்களுக்குப் பதின்மூன்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வராது. அது ஏன் என்று காரணமும் சேர்த்து எழுத வேண்டும்.